வாந்தி ஊசி போட்ட மறுநாள் கழுத்து திருகிக்கிச்சு: உங்க வீட்ல யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

நாகலூர் மணிமேகலை:
என் தங்கச்சிக்கு நடந்தது. வயசு 17, எடை 40 கிலோ. விசேஷ வீட்டுச் சாப்பாடு ஒத்துக்காம ஒரே வாந்தி. ஏற்காட்டுல ஒரு கிளினிக்ல சாயந்திரம் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டாங்க. அதே மருந்தை மாத்திரையா மூணு வேளைக்குக் கையில குடுத்தாங்க. வாந்தி நின்னுடுச்சு. மறுநாள் மதிய மாத்திரை போட்டு கொஞ்ச நேரத்துல கழுத்து வலது தோள் பக்கமா மெல்லத் திரும்ப ஆரம்பிச்சது. யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி. அப்புறம் ரெண்டு கண்ணும் மேல போய் நின்னுடுச்சு, தாடை இறுகிடுச்சு.

அத்தை திருநீறு பூசினாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வலிப்புன்னு சொல்லி சாவிக்கொத்தைக் கையில திணிச்சார். அவளுக்கு முழு நினைவு இருந்தது. பல்லைக் கடிச்சபடியே "அக்கா, கண்ணு கீழ வரமாட்டேங்குது"ன்னு சொன்னா. கன்னத்துல தண்ணி ஓடுது, துடைக்கக்கூடத் தலை குனிய முடியல.

கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் வர்றதுக்குள்ள கொஞ்சம் விட்டு விட்டு மறுபடி இழுத்துச்சு. அங்க டூட்டி டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வாந்திக்கு ஏதாவது போட்டீங்களா?" ப்ரோமெதசின் ஊசி ஒண்ணு போட்டார். கொஞ்ச நேரத்துல கழுத்து தானா நேராச்சு. அதே கிளினிக்ல அதே ஊசி என் மாமாவுக்கும் போட்டாங்க, அவருக்கு ஒண்ணும் ஆகல. இவளுக்கு மட்டும் ஏன்? அதுதான் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு.

சூரமங்கலம் செந்தில்:
இது அலர்ஜிங்க. உடம்புக்கு ஒத்துக்கலைன்னா இப்படித்தான். அதுக்குத்தான் அலர்ஜி ஊசி போட்டுச் சரி பண்ணியிருக்காங்க. பேசாம டொம்பெரிடோன் குடுத்திருக்கலாம். அது மூளைக்கே போகாது, பக்க விளைவே கிடையாது. எங்கப்பா காலைல வெறும் வயித்துல டொம்பெரிடோன் சேர்ந்த கேஸ் மாத்திரை வருஷக்கணக்கா போடுறார், நல்லாத்தான் இருக்கார்.

ஜெயா அக்கா (ஓய்வு பெற்ற செவிலியர்):
செந்தில் தம்பி, இது அலர்ஜி இல்லை. தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல் எதுவும் அந்தப் பொண்ணுக்கு வரலையே. மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள்ள போய், நரம்புக்கு நரம்பு சேதி கொண்டு போற டோபமைன்ங்கற ரசாயனத்தைத் தடுக்குது. வாந்தி நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதே டோபமைன்தான் தசை எப்ப இறுகணும், எப்ப தளரணும்னு பார்த்துக்குற இடத்துலயும் வேலை செய்யுது. அங்க தடைபட்டா கழுத்து, கண், தாடை இழுத்துக்கும். ப்ரோமெதசின் அலர்ஜி மருந்துதான், ஆனா இங்க அது கேட்டதுக்குக் காரணம் வேற. டோபமைன் குறையும்போது அசிட்டைல்கோலின்ங்கற இன்னொரு ரசாயனம் ஓங்கி நிக்கும், ப்ரோமெதசின் அதை அடக்கும்.

மணிமேகலை, தங்கச்சிக்கு மட்டும் ஏன்னு கேட்டியே. பெரும்பாலும் பிள்ளைங்களுக்கும் இளவயசுக்காரங்களுக்கும்தான் இது வரும், அதுலயும் பொண்ணுங்களுக்குக் கூடுதல். மாமா வயசுல அபூர்வம். அடுத்தது அளவு. ஒரு நாளைக்கு, கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. 40 கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் எல்லை. ஊசி 10, மாத்திரை மூணும் பத்துப் பத்துன்னா, ஒரு நாள் முடியறதுக்குள்ள 40 போயிருக்கு. ஆனா சரியான அளவுலயும் சிலருக்கு வரும். நான் வார்டுல இருந்தப்போ ஒரே ஊசிக்கு நாக்கு வெளிய தள்ளிக்கிட்டு வந்த காலேஜ் பையனைப் பார்த்திருக்கேன்.

வலிப்புல நினைவு தப்பி கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், சில நேரம் சிறுநீர் போயிடும். இதுல நினைவு இருக்கும், பேச முயற்சி பண்ணுவாங்க, தசை ஒரே பக்கமா இறுகி நிக்கும். தாடை இறுகினா டாக்டருங்க டெட்டனஸையும் நினைச்சுப் பார்ப்பாங்க, அதனால வாந்தி மருந்து போட்டதை நீங்களே முதல்ல சொல்லிடணும். ஊசி போட்டதும் நேராயிடுச்சேன்னு விட்டுடவும் கூடாது. உள்ள இருக்குற மருந்து இறங்கறதுக்குள்ள மறுபடி இழுக்கலாம், அதுக்குத்தான் ரெண்டு மூணு நாளைக்கு மாத்திரையும் எழுதுவாங்க. இந்த மருந்துப் பேரை அவ சீட்டுல சிவப்பு மையில எழுதி வை, இனி அவளுக்கு இது வேண்டாம்.

பஸ் பயணி:
நான் வாராவாரம் ஏற்காடு பஸ்ல போறேன், பத்தாவது வளைவுலயே வாந்தி. அப்போ நான் டொம்பெரிடோன் போட்டுக்கலாமா?

ஜெயா அக்கா:
பஸ் வாந்தி காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு சொல்றதும் கண்ணு சொல்றதும் ஒத்துப்போகாம வர்றது. அதுக்கு இந்த ரெண்டுமே சரியா கேட்காது. தூக்கம் வர்ற வகை அலர்ஜி மாத்திரைதான் கேட்கும், கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். வண்டி ஓட்டுறவங்க அதைத் தொடக்கூடாது.

செவ்வாய்ப்பேட்டை ராஜி:
செந்தில் அண்ணா "பக்க விளைவே கிடையாது"ன்னு சொன்னதுக்காகத்தான் எழுதுறேன். எங்கப்பாவும் அதே கேஸ் மாத்திரைதான். பிபிக்கு நீர் மாத்திரையும் போடுறார். சளிக்கு ஒருத்தர் கிளாரித்ரோமைசின் எழுதினார். அப்புறம் ஒரு நாள் விடியக்காலைல பாத்ரூம் வாசல்ல மயங்கி விழுந்தார். என் கை அவர் நெஞ்சு மேல, உள்ள ஏதோ தாறுமாறா படபடன்னு அடிக்குது. ஈசிஜில க்யூடி இடைவெளி நீண்டிருக்குன்னாங்க, ரத்தத்துல பொட்டாசியம் குறைச்சல். கேஸ் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் அன்னைக்கே நிறுத்தினாங்க. எதுனால ஆச்சுன்னு இன்னைக்கும் யாரும் தீர்த்துச் சொல்லல.

சூரமங்கலம் செந்தில்:
ஆன்டிபயாடிக்னாலதான் இருக்கும். எங்கப்பாவுக்கு டாக்டரே எழுதிக் குடுத்தது. அளவுக்கு மேல போடலையே. வெளிநாட்டுக்காரன் அஞ்சு நாள், ஏழு நாள்னு சொல்வான், நம்ம ஊர்ல எல்லாரும் போடுறாங்க.

ஜெயா அக்கா:
தம்பி, டொம்பெரிடோன் மூளைக்குள்ள அதிகம் போகாதுங்கறது சரிதான். அதனால கழுத்து இழுக்குறது குறைவு. ஆனா இதயத்துல ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் மின்னோட்டம் அடங்கற நேரத்தை அது நீட்டும். அதுதான் ராஜி சொன்ன க்யூடி. நீர் மாத்திரையில பொட்டாசியம் இறங்கினா அது இன்னும் நீளும். கிளாரித்ரோமைசின் தன் பங்குக்கும் நீட்டும், கூடவே டொம்பெரிடோனை ஈரல்ல கரையவிடாம ரத்தத்துல தேக்கியும் வைக்கும். மூணும் ஒண்ணா சேர்ந்த இடத்துல ஒண்ணை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

2014-ல ஐரோப்பாவுல நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம், பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு கட்டுப்படுத்தினாங்க. 60 தாண்டினவங்களுக்கு ஆபத்து கூடுதல்னும் சொன்னாங்க. அப்பாவோட அட்டையைத் திருப்பிப் பாருங்க. பல கேஸ் மாத்திரைல டொம்பெரிடோன் 30-ன்னே போட்டிருக்கும். ஒரே மாத்திரைல அன்னைக்கு முழு எல்லையும் முடிஞ்சுது.

அஸ்தம்பட்டி கலைச்செல்வி:
எங்க பெரியம்மாவுக்கு சுகர். வயிறு மெதுவா இறங்குதுன்னு மெட்டோகுளோபிரமைடு மாசக்கணக்கா ஓடிச்சு. இப்ப வாய் சும்மாவே மெல்லுது, வெத்தலை போட்டவங்க மாதிரி. மருந்தை நிறுத்தியும் போகல.

ஜெயா அக்கா:
கலை, இதுதான் எனக்குப் பெரிய பயம். கழுத்து இழுத்தா ஊசில சரியாகும், இது சில பேருக்கு நிக்கவே நிக்காது. 2009-ல அமெரிக்காவுல இதுக்காகவே 12 வாரத்துக்கு மேல குடுக்காதீங்கன்னு கறுப்புக் கட்டத்துல எச்சரிக்கை போட வச்சாங்க. ஐரோப்பாவுல 2013-ல அஞ்சு நாள்னே சுருக்கிட்டாங்க. நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மருந்து எவ்வளவு காலம் ஓடிச்சுன்னு சீட்டெல்லாம் எடுத்துட்டுப் போங்க.

சூரமங்கலம் செந்தில்:
அட்டையைப் பார்த்தேன்க்கா. 30-ன்னுதான் போட்டிருக்கு. அப்பாவுக்கு வயசு 68, பிபிக்கு நீர் மாத்திரையும் உண்டு. திடீர்னு நிறுத்தினா நெஞ்செரிச்சல் வருமேங்கறார்.

ஜெயா அக்கா:
நெஞ்செரிச்சலைப் பிடிச்சு வச்சிருக்கறது அதுல சேர்ந்திருக்குற, அமிலத்தைக் குறைக்குற மருந்து. டொம்பெரிடோன் இல்லாம அது தனியாவும் கிடைக்குது. எழுதின டாக்டர்கிட்டயே கேளுங்க: "அமிலத்தைக் குறைக்குற மருந்து மட்டும் போதுமா, ஒரு ஈசிஜியும் பொட்டாசியமும் பார்க்கலாமா?"ன்னு. நடுவுல மயக்கமோ படபடப்போ வந்தா காத்திருக்காம அன்னைக்கே ஈசிஜி எடுத்துடுங்க.