அலமாரியின் ஸ்லைடிங் கதவு ஆடுகிறது, ட்ராக்கை விட்டு இறங்குகிறது: என்ன செய்யலாம்?

வேளச்சேரி வாசகி: எங்கள் அலமாரியில் ஏழடி உயரம், மூன்றடி அகலம் கொண்ட இரண்டு பிளைவுட் கதவுகள் கீழே உருளும் ட்ராக்கில் ஓடுகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் இடப்பக்கக் கதவு முழுவதும் 4 மி.மீ. கண்ணாடி ஒட்டினோம். அதன்பின் அந்தக் கதவின் தலைப்பக்கம் ஆடுகிறது. வாரம் இருமுறையாவது ட்ராக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறது. மேலே தொங்கும் வகைக்கு மாற்றலாமா?

கோவை வாசகர்: மாற்றிவிடுங்கள். கீழ் ட்ராக்கில் தூசியும் முடியும் சேர்வதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதுவரை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

மதுரைத் தச்சர்: தூசி சேரும் என்பது சரிதான், எண்ணெய் மட்டும் வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பசையாகிவிடும். ஆனால் இங்கே எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுக் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 19 கிலோ இருக்கும், 18 மி.மீ. பிளைவுட்டையும் சேர்த்தால் கதவு 40 கிலோவைத் தாண்டும். உருளும் வகையில் இந்த எடை முழுவதையும் கீழ் ரோலர்கள் தாங்குகின்றன. மேல் சேனல் கதவு சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. ரோலர் நசுங்கினாலோ, அதன் உயரத் திருகு நழுவினாலோ கதவு கீழே இறங்கும். அப்போது மேல் சேனலுக்குள் இருக்கும் பிடிமானம் குறைந்து, தலை ஆடி, கதவு வெளியே வரும்.

எப்போதும் ஒரே இடத்தில் குதித்தால் அந்த இடத்தில் ட்ராக் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கே வேண்டுமானாலும் குதித்தால் ரோலரையே சந்தேகியுங்கள். இருவர் சேர்ந்து கதவை நேராக மேல் சேனலுக்குள் தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்துக் கழற்றுங்கள். அது உள் கதவாக இருந்தால் முன் கதவை முதலில் கழற்ற வேண்டியிருக்கும். பிறகு ரோலரின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நசுங்கியிருந்தால் தட்டையான இடம் நகத்துக்குத் தெரிந்துவிடும்.

தொங்கும் வகையில் இந்த 40 கிலோவும் மேல் பலகையில் விழும். லாஃப்டில் பெட்டிகள் வைத்திருந்தால் பலகை ஏற்கெனவே தொய்ந்திருக்கலாம். முனைக்கு முனை நூலை இழுத்துக் கட்டிப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

திருச்சி வாசகி: என்னுடையது தொங்கும் கதவு, அதுவும் ஆடுகிறது. நானும் ரோலரை மாற்ற வேண்டுமா?

மதுரைத் தச்சர்: உங்கள் கதவில் முதலில் பார்க்க வேண்டியது தரையில் திருகியிருக்கும் சிறு வழிகாட்டித் துண்டு. அது உடைந்தாலோ கழன்றாலோ அடிப்பக்கம் ஊசலாடும். மேல் ரோலருக்குப் பழுது இல்லாமலே இது நேரும்.

வேளச்சேரி வாசகி: கழற்றிப் பார்த்தோம். ஒரு ரோலர் நசுங்கியிருந்தது; அதன் பக்கத்துத் திருகும் தளர்ந்திருந்தது. 60 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சிட்ட ஜோடியை வாங்கி இரண்டையும் மாற்றினோம். பக்கப் பலகைக்கும் கதவுக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வரும்வரை திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினோம். மேல் சேனலுக்குள் 3 மி.மீ. மட்டுமே இருந்த பிடிமானம் இப்போது 8 மி.மீ. இருக்கிறது. மூன்று நாள்களாகக் கதவு இறங்கவில்லை. ஆனால் நூலைக் கட்டிப் பார்த்ததில் மேல் பலகை நடுவில் 4 மி.மீ. தொய்ந்திருக்கிறது, கதவு அந்த இடத்தைக் கடக்கும்போது லேசாக உரசுகிறது.

மதுரைத் தச்சர்: லாஃப்டை ஒரு வாரம் காலியாக வைத்துவிட்டு மறுபடி நூலைக் கட்டிப் பாருங்கள். தொய்வு குறையாவிட்டால் பலகைக்கு மேலே இரும்பு ஆங்கிள் அடிக்க வேண்டியிருக்கும். நேரில் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.