சிவகாசிப் பெட்டி இன்னும் வரலை: கோபத்தில் எழுதினதை எப்படித் திருத்துறது?

பலகாரக் கடை, சிம்மக்கல்

தீபாவளிக்கு அச்சுப் போட்ட அட்டைப்பெட்டி 5,000 சிவகாசியில் சொல்லியிருக்கு. ஆர்டர் செப்டம்பர் 10, அட்வான்ஸ் 40 சதவீதம். அக்டோபர் 4-ல் 1,500 மட்டும் வந்தது. இன்னைக்கு 9, தீபாவளி 20. கீழே இருக்கிறதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? 25-ஆம் தேதி தர்றேன்னு சொன்னீங்க. எத்தனை தடவை போன் பண்றது? அட்வான்ஸ் வாங்கும்போது மட்டும் இனிச்சுதா? மரியாதையா நாளைக்கே மொத்தத்தையும் அனுப்புங்க. இல்லைன்னா கோர்ட்ல பாத்துக்கலாம். பழைய பில்லுக்கும் ஒரு பைசா கிடையாது."

கொள்முதல் பிரிவு, கப்பலூர்

அண்ணே, அனுப்பாதீங்க. முதல்ல ஆர்டர் தாளை எடுத்து, டெலிவரி தேதியை எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க. அச்சு வேலைக்குப் பெரும்பாலும் ஆர்டர் தேதியிலிருந்து நாள் கணக்கு ஓடாது, ப்ரூஃபுக்கு நீங்க ஓகே சொன்ன நாளிலிருந்துதான் ஓடும்.

பலகாரக் கடை, சிம்மக்கல்

"ப்ரூஃப் ஒப்புதலிலிருந்து 15 நாள்" என்றுதான் இருக்கு தம்பி. ஓகே சொன்னது செப்டம்பர் 12.

கொள்முதல் பிரிவு, கப்பலூர்

அப்ப கெடு 27, 25 இல்லை. இந்த ரெண்டு நாளை விட்டா, அவங்க பதில் முழுக்க அந்தத் தப்புத் தேதியைப் பத்தியே இருக்கும், பெட்டி பேச்சு பின்னால போயிடும். 27-லிருந்து எண்ணினாலும் இன்னைக்கு 12 நாள் தாமதம். உங்க பக்கம் அதுவே போதும்.

இப்ப வரி வரியா எடுத்துக்குவோம். முதல் வரியில தகவலே இல்லை, அடிச்சிடுங்க. "எத்தனை தடவை போன்" என்கிற இடத்தில், கால் லிஸ்ட்டில் இருக்கிற தேதியையும் அவங்க அன்னைக்குச் சொன்ன பதிலையும் போடுங்க. "நாளைக்கே மொத்தமும்" என்பது அவங்களால முடியாத காரியமா இருந்தா, முடியாதுன்னு ஒரே வரியில தப்பிச்சிடுவாங்க. உங்களுக்கு என்னைக்கு எத்தனை பெட்டி இருந்தா பேக்கிங் நிக்காது? அந்த எண்ணைத்தான் கேட்கணும்.

ஜவுளி, கீழமாசி வீதி

மத்ததெல்லாம் சரி, ஆனா பழைய பில்லை நிறுத்தி வைக்கிறதை எடுக்காதீங்க. பணத்தைப் பிடிச்சாத்தான் சரக்கு நகரும். எங்க லைன்ல அதுதான் வழி.

கணக்கு, அண்ணா நகர்

இந்த ஆர்டரோட பாக்கியை, சரக்கு வர்ற வரைக்கும் தராம இருக்கலாம் சார். பழைய பில் வேற கதை. அந்த அச்சகம் உத்யம் பதிவு இருக்கிற குறு, சிறு உற்பத்தியாளரா இருந்தா, 2006-ஆம் வருஷச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல பணத்தை இழுக்க முடியாது. இழுத்தா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க வேண்டியவர் நீங்க, அந்த வரியால பதில் சொல்ல வேண்டியவரா ஆயிடுவீங்க. கெடு தாண்டாத பில்லா இருந்தாலும் இந்தக் கடிதத்தில் அதைப் பத்திப் பேச வேணாம்.

இல்லத்தரசி, திருநகர்

எனக்கும் ஆன்லைன்ல போட்ட மிக்ஸி மூணு வாரமா வரலைங்க. 1915-க்குப் போன் பண்ணிப் பதிவு பண்ணினா நடவடிக்கை எடுப்பாங்க. நீங்களும் அதையே பண்ணலாமே?

கணக்கு, அண்ணா நகர்

அது வீட்டு உபயோகத்துக்கு வாங்குறவங்களுக்கான நுகர்வோர் உதவி எண் அக்கா, உங்க மிக்ஸிக்குச் சரி. இது வியாபாரத்துக்கு வாங்கின பெட்டி, அதில் வராது.

அச்சகம், சிவகாசி

எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். "எப்ப வரும்"னு கேட்டா "ரெண்டு நாள்ல"ன்னு வாய் தானா சொல்லும். வேலை எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு கேளுங்க: அச்சு முடிஞ்சதா, டை கட்டிங் ஆச்சா, ஒட்டுறது பாக்கியா. அச்சே ஆகலைன்னா அது பெரிய தாமதம். காலண்டர் வேலையும் சேர்ந்து மிஷினை அடைச்சுக்கும் நேரம் இது. ஒட்டுறதுதான் பாக்கின்னா, ஆளைக் கூட்டி வச்சு ஒட்டினதை ஒட்டினபடியே பாதி பாதியா அனுப்ப முடியும். போட்டோவோட பதில் கேட்டா, மழுப்ப முடியாது.

கொள்முதல் பிரிவு, கப்பலூர்

அண்ணாச்சி சொன்னது ரொம்ப உபயோகம். அதையும் சேர்த்து எழுதினா இப்படி வரும்:

"பொருள்: ப்ரூஃப் ஒப்புதல் 12.09, 5,000 பெட்டி: மீதி 3,500 நிலுவை

வணக்கம். ஆர்டர்படி ஒப்புதலிலிருந்து 15 நாளில், அதாவது 27.09 அன்று 5,000 பெட்டியும் வந்திருக்க வேண்டும். 04.10 அன்று 1,500 வந்தது. 06.10 அன்று தொலைபேசியில் 'இரண்டு நாளில்' என்றீர்கள். இன்று 09.10, மீதி வரவில்லை.

எங்கள் பேக்கிங் நிற்காமலிருக்க 13.10-க்குள் 1,500, 16.10-க்குள் 2,000 எங்கள் கடைக்கு வந்து சேர வேண்டும். வேலை இப்போது எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதைப் புகைப்படத்துடனும், இந்த இரு தேதிகளுக்கான உறுதியையும் நாளை மதியம் 12 மணிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

உறுதி வராவிட்டால் 13.10-க்குரிய 1,500 பெட்டியை மதுரையில் வாங்கிக்கொள்வோம். கூடுதல் விலையை உங்கள் பில்லில் கழிக்கக் கேட்போம். தாமதமாக வரும் சரக்கைப் பெற்றுக்கொள்வதால் இழப்பீடு கேட்கும் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை."

6-ஆம் தேதி போன் நான் போட்ட உதாரணம். உங்க கால் லிஸ்ட்டில் இருக்கிறதைப் போடுங்க, இல்லைன்னா அந்த வரியே வேணாம்.

கடைசி வரியைக் கோபம்னு நினைச்சு எடுத்துடாதீங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 55-ஆவது பிரிவு இருக்கு. கெடு முக்கியமான ஒப்பந்தத்தில் தாமதச் சரக்கை ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டா, அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. கேட்கப்போறோம்னு வாங்கும்போதே தெரிவிக்கணும். அதனால லாரி வந்ததும் டெலிவரி சலானில் "தாமத வரவு, இழப்பீட்டு உரிமையுடன் பெறப்பட்டது"ன்னு எழுதி, தேதி போட்டு, டிரைவர் கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோ எடுத்துடுங்க. 4-ஆம் தேதி வந்த 1,500-க்கு அப்படி எழுதலைன்னா அதுக்குக் கேட்கிறது கஷ்டம்.

பலகாரக் கடை, சிம்மக்கல்

எழுதலை தம்பி. மதுரையில் வெறும் பெட்டியும் ஸ்டிக்கரும் சேர்த்து 13 ரூபாய் சொல்றாங்க, சிவகாசி விலை 9. 1,500-க்கு 6,000 ரூபாய் வித்தியாசம். அந்தத் தொகையை இப்பவே எழுதட்டுமா?

கொள்முதல் பிரிவு, கப்பலூர்

வேணாம். வாங்கினப்புறம் பில்லோட எழுதுங்க. இப்பவே போட்டா பேச்சு 6,000 ரூபாயில நின்னுடும். கோர்ட் வரியும் வேணாம். நீங்க உண்மையிலேயே செய்யப்போறது உள்ளூரில் வாங்குறதுதான், அதை எழுதினா அவங்க நம்புவாங்க.

ஜவுளி, கீழமாசி வீதி

அப்ப "16-க்கு மேல வந்தா ஆர்டர் ரத்து"ன்னு ஒரு வரி போடலாம்ல?

கணக்கு, அண்ணா நகர்

கெடு அவ்வளவு முக்கியம்னு ஆர்டரில் இருந்தாத்தான் அது தெளிவா நிக்கும். "தீபாவளிக்கு"ன்னு ஆர்டரில் இருக்காண்ணே? இருந்தா, 16.10-க்கு மேல வர்றதை ஏற்க மாட்டோம்னு எழுதலாம். இல்லைன்னா வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

பலகாரக் கடை, சிம்மக்கல்

பெட்டியில "தீபாவளி வாழ்த்துகள்"னு அச்சே இருக்கு, ஆர்டர் தாளில் அந்தச் சொல் இல்லை.

அச்சகம், சிவகாசி

அச்சுல இருந்தா யாருக்கும் தெரியும் அண்ணே, 20-க்கு மேல அந்தப் பெட்டி உங்களுக்கு ஆகாதுன்னு. ஆனா கடிதம் முதலாளிக்கு நேரா போகணும், மேனேஜருக்கு நகல் மட்டும். மேனேஜருக்கு மட்டும் போனா மிஷின் வரிசை மாறாது.

கொள்முதல் பிரிவு, கப்பலூர்

மெயிலில் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பில் போட்டு, அப்புறம் போன் பண்ணி "அனுப்பியிருக்கேன் அண்ணாச்சி, பாத்துடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. போனில் வாதம் வேணாம்.

பலகாரக் கடை, சிம்மக்கல்

சரி தம்பி. ரெண்டு தடவையா வந்தா லாரி வாடகை ரெண்டு ஆகுமே, அது யார் தலையில?

அச்சகம், சிவகாசி

ஆர்டர்ல வாடகை உங்களதுன்னா உங்களதுதான்.

கொள்முதல் பிரிவு, கப்பலூர்

ஒரே லோடுக்கான வாடகைதான் அவருது. பிரிச்சு அனுப்ப வேண்டி வந்தது தாமதத்தால, ரெண்டாவது வாடகை உங்க பக்கம்தான் அண்ணாச்சி.

அச்சகம், சிவகாசி

பிரிச்சுக் கேக்குறது அவர்தானே?