[கலைச்சொல்] வரிசைமாற்றத்தில் வரும் ‘சைக்கிள்’: இடச்சுற்று பொருந்துமா?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நிரல் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இப்படி ஒரு கணக்கு: எல்லா எண்களும் வேறுவேறாக உள்ள ஓர் அணி. எந்த இரண்டு இடங்களில் உள்ள எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கலாம். ஏறுவரிசைக்கு வர குறைந்தது எத்தனை முறை மாற்ற வேண்டும்?

நான் எடுத்துக்கொண்ட அணி:

```
இடம்:  1   2   3   4   5   6   7   8
எண்:   40  10  70  20  50  80  30  60
```

1ஆம் இடத்தில் இருக்கும் 40 போக வேண்டியது 4ஆம் இடத்துக்கு. அங்கே உட்கார்ந்திருக்கும் 20 போக வேண்டியது 2க்கு. அங்கே இருக்கும் 10 போக வேண்டியது 1க்கு. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இதே மாதிரி 3-7 ஒன்று, 6-8 ஒன்று. விடை, மொத்த எண்களிலிருந்து இவற்றின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது.

இப்படிச் சுற்றி வரும் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சைக்கிள் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது? ‘சுழற்சி’ என்று எழுதினால், பள்ளிக் கணினிப் புத்தகத்தில் ரிகர்ஷனுக்கு ‘தற்சுழற்சி’ இருக்கிறது. மாணவர்கள் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடுவார்கள். ‘வளையம்’ இயற்கணிதத்தில் வேறொன்றுக்குப் போய்விட்டது. ‘இடச்சுற்று’ என்று வைக்க நினைக்கிறேன். எண்கள் சுற்றவில்லை, இடங்கள்தான் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு ஒரு சுற்றாக நிற்கின்றன என்பதால் ‘இட’. உங்கள் கருத்து வேண்டும்.

சரவணன் எழுதியது:

செல்வி, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குப் புதுச் சொல்லே தேவையா? குமிழி வரிசையாக்கத்தில் எத்தனை முறை மாற்றுகிறோமோ அதுதானே குறைந்தபட்சம்? தேவையில்லாத மாற்று எதையும் அது செய்வதில்லை. `20 30 40 10` என்ற அணியில் போட்டுப் பார்த்தேன். குமிழியில் 3 மாற்று, உங்கள் சூத்திரத்திலும் 3. அப்புறம் ஏன் சுற்றைத் தேட வேண்டும்?

செல்வி எழுதியது:

> தேவையில்லாத மாற்று எதையும் அது செய்வதில்லை

பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டுமே மாற்றலாம் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கே எந்த இரண்டையும் மாற்றலாம். உங்கள் அணியையே தலைகீழாக அடுக்குங்கள்: `40 30 20 10`. குமிழிக்கு 6 மாற்று. ஆனால் இரு முனைகளையும் ஒரு மாற்று, நடு இரண்டையும் ஒரு மாற்று, அவ்வளவுதான். நீங்கள் எடுத்த அணியில் நான்கு இடங்களும் ஒரே சுற்று. இரண்டு கணக்கும் அங்கே ஒத்துப்போனது தற்செயல். என்னுடைய எட்டு எண் அணியில் குமிழிக்கு 10 மாற்று வரும்.

சரவணன் எழுதியது:

சரி, பார்த்தேன். ஆனால் உங்கள் கணக்கிலும் ஏதோ இடிக்கிறது. நீங்கள் காட்டியது மூன்று சுற்று. 8-லிருந்து 3 போனால் 5. கையால் செய்தால் எனக்கு 4 மாற்றிலேயே முடிந்துவிட்டது.

இரகுபதி எழுதியது:

சரவணன் தொட்டிருக்கும் இடம்தான் இந்தச் சொல்லுக்கு உண்மையான சோதனை. 5ஆம் இடத்தில் 50 இருக்கிறது. அது எங்கும் போக வேண்டாம், தன்னையே காட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவும் ஒரு சுற்று. சேர்த்தால் சுற்றுகள் 4, விடை 8 − 4 = 4. அசையாமல் இருப்பதை எப்படிச் சுற்று என்பது என்று மாணவர் கேட்பார். கேட்கட்டும். ஆனால் அதை விட்டுவிட்டால் சூத்திரம் உடைந்துவிடும். ஏற்கெனவே வரிசையில் இருக்கும் அணியில் சுற்றே இல்லை என்றாகி, n மாற்று வேண்டும் என்ற அபத்தத்தில் போய் முடியும்.

சூத்திரம் ஏன் சரி என்பதையும் பாடத்தில் ஓரிரு பத்தியில் காட்டிவிடுங்கள். பலர் இதை மனப்பாடமாக விட்டுவிடுகிறார்கள். ஒரே சுற்றுக்குள் இரண்டு இடங்களை மாற்றினால் அந்தச் சுற்று இரண்டாகப் பிரியும். வேறுவேறு சுற்றுகளில் உள்ள இரண்டு இடங்களை மாற்றினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். மூன்றாவது வழி கிடையாது. ஒவ்வொரு மாற்றும் சுற்றுகளின் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் அல்லது ஒன்று குறைக்கும்.

உங்கள் அணியில் 1ஐயும் 4ஐயும் மாற்றுங்கள். 40 தன் இடத்துக்குப் போய்த் தனிச் சுற்றாகிவிட்டது, 1-2 என்று இருவர் சுற்று மிஞ்சியது. மொத்தம் 4 இருந்தது 5 ஆயிற்று. மாறாக 1ஐயும் 3ஐயும் மாற்றிப் பாருங்கள். மூவர் சுற்றும் இருவர் சுற்றும் ஒட்டிக்கொண்டு 1, 7, 3, 4, 2 என்று ஐவர் சுற்றாகும். எண்ணிக்கை 3. இனி 5 மாற்று வேண்டும், செய்த ஒன்றையும் சேர்த்தால் 6. ஒரு தவறான மாற்றுக்கு இரண்டு மாற்று தண்டம்.

முழுதும் வரிசையான அணியில் n சுற்றுகள். இருப்பது c. ஒரு மாற்றுக்கு ஒன்றுக்கு மேல் கூட்ட முடியாது. ஆகவே n − c-க்குக் கீழே போக வழியில்லை. ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணையாவது அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் சரியாக n − c-இல் முடியும். இதை ஆர்தர் கெய்லி 1849இலேயே எழுதிவிட்டார்.

இன்னொன்று. சரவணன் குமிழிக்குப் பதிலாகத் தேர்வு வரிசையாக்கத்தைச் சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். எண்கள் வேறுவேறாக இருந்து, தன்னோடு தானே மாற்றுவதைத் தவிர்த்தால், அது செய்வது சரியாக n − c மாற்றுதான். ஒப்பீடுகள்தான் அதில் அதிகம்.

மேரி எழுதியது:

வணக்கம். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, நிரல் தெரியாது. படித்ததும் என் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. இறை வணக்கத்துக்குப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவோம். இருவர் இருவராக இடம் மாறச் சொல்வேன். ஒரே உயரமுள்ள பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கும் உங்கள் சுற்று வருமா? மூன்று பேரை வைத்துப் பார்த்தேன். முதலில் நெட்டைப் பிள்ளை, அடுத்து ஒரே உயரத்தில் இரண்டு குட்டைப் பிள்ளைகள். முதல் பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் மாற்றினால் போதும். இதில் சுற்று எங்கே இருக்கிறது?

கிரிசாந்த் எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

ரீச்சர், நீங்கள் கேட்டது செல்வி அக்காவின் கணக்கு இல்லை. அதில் எல்லாம் வேறுவேறு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் மூன்று பிள்ளைகளும் அந்த நிபந்தனை ஏன் தேவை என்று நன்றாகக் காட்டுகிறார்கள். `20 10 10` என்று எழுதுவோம். கணினி வழக்கமாக முதலில் வரும் 10ஐ 1ஆம் இடத்துக்கும், அடுத்ததை 2ஆம் இடத்துக்கும் அனுப்பும். அப்போது 1, 3, 2 என்று ஒரே சுற்று, விடை 2. உங்கள் கையில் 1 மாற்றில் முடிந்தது. நடுவில் இருந்த 10 ஏற்கெனவே நல்ல இடத்தில் இருந்தது, அதைக் கணினி வீணாக எழுப்பிவிட்டது. சமமானவர்களில் யார் எந்த இடத்துக்குப் போவது என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்கலாம். சுற்றுகள் அதிகம் வரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். அது பொதுவில் மிகக் கடினமான கணக்கு. மூன்றே வகை எண்கள் என்றால் எளிது: இருவர் சுற்றுகளை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தை மூவர் சுற்றாகப் பிரிக்கலாம். 1996இல் ஹங்கேரியில் நடந்த சர்வதேச தகவலியல் ஒலிம்பியாட்டில் இதையே கேட்டார்கள்.

செல்வி அக்கா, ‘அணி’ பற்றி ஒன்று. உங்கள் ஊர்க் கணிதத்தில் மேட்ரிக்ஸுக்கும் அணிதான். நாங்கள் அதைத் தாயம் என்று படித்தோம், அதனால் எங்களுக்குக் குழப்பம் இல்லை. பாடத்தின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

‘இடச்சுற்று’ எனக்குப் பிடிக்கிறது. முக்கியமான காரணம் இந்த நிரலில் இருக்கிறது:

```python
def min_swaps(a):
    n = len(a)
    p = sorted(range(n), key=lambda i: a[i])
    seen = [False] * n
    c = 0
    for i in range(n):
        if not seen[i]:
            c += 1
            while not seen[i]:
                seen[i] = True
                i = p[i]
    return n - c
```

இதில் `p[i]` சொல்வது, i-ஆம் இடத்துக்கு வர வேண்டிய எண் இப்போது எங்கே இருக்கிறது என்பதை. நீங்கள் பாடத்தில் எழுதியது, இங்கே இருக்கும் எண் எங்கே போக வேண்டும் என்பதை. திசை எதிர். ஆனால் அதே இடங்கள்தான் அதே சுற்றில் வரும், c மாறாது. ‘செல்சுற்று’ மாதிரி திசை காட்டும் சொல்லை வைத்திருந்தால் பாதி நிரல்களுக்குப் பொருந்தாது.

இந்த `while`-க்குப் பதிலாகத் தற்சுழற்சியால் எழுதினால், சிறிய அணிகளில் எல்லாம் ஓடும். எல்லா எண்களும் ஓர் இடம் தள்ளி இருக்கும் 5000 எண் அணியைக் கொடுங்கள். முழுதும் ஒரே சுற்று. பைத்தானின் இயல்பான எல்லை 1000 என்பதால் `RecursionError` வந்து நின்றுவிடும். சிறிய சோதனைகளில் தப்பிவிட்டுப் பெரியதில் விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சரவணன் எழுதியது:

இப்போது புரிகிறது. ஆனால் ‘சுற்று’ என்ற சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. குமிழி வரிசையாக்கத்தில் அணியை ஒருமுறை முழுக்கக் கடப்பதையும் ‘முதல் சுற்று, இரண்டாம் சுற்று’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால்?

செல்வி எழுதியது:

அது நியாயமான கவலை. குமிழியில் வருவதை ‘கடவு’ என்று எழுதிப் பார்க்கிறேன். முன்னொட்டோடு ‘இடச்சுற்று’ என்றே எல்லா இடத்திலும் எழுதுவேன், வெறும் ‘சுற்று’ என்று சுருக்க மாட்டேன். இரகுபதி ஐயா சொன்ன தன்னந்தனி இடத்துக்கு ‘தனி இடச்சுற்று’. பிரிதல், சேர்தல் இரண்டையும் வினையாகவே வைத்துக்கொள்கிறேன், அவற்றுக்குப் பெயர் வேண்டாம். மேரி டீச்சரின் மூன்று பிள்ளைகளும் பாடத்தில் வருவார்கள்.

ஸ்வாப்புக்கு ‘இடமாற்று’ என்று எழுதியிருக்கிறேன்.

இரகுபதி எழுதியது:

‘தனி இடச்சுற்று’ நன்று. ‘இடமாற்று’ எனக்கு ஒப்பவில்லை. மூன்று எண்களை ஒரே நேரத்தில் நகர்த்தினாலும் அது இடமாற்றுதான். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் என்ற பொருள் அதில் இல்லை. n − c என்ற விடை நிற்பதே ஒரு முறைக்கு இரண்டு மட்டும் என்ற விதியின் மேல்தான். ‘இணைமாற்று’ என்று வையுங்கள்.

கிரிசாந்த் எழுதியது:

ஐயா, ‘இணை’ என்றதும் எனக்கு ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும் இணைச் செயலாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ‘இருமாற்று’ என்றால் என்ன?