டிப்ரைட்மென்ட்: ‘புண் சுத்தம்’ போதுமா?

மொழிபெயர்ப்பாளர், ராமநாதபுரம்:
மீனவர்களுக்கான முதலுதவிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். டிப்ரைட்மென்ட்டுக்குப் ‘புண் சுத்தம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

அறுவை மருத்துவர், மண்டபம்:
போதாது. டிப்ரைட்மென்ட் என்றால் காயத்தில் செத்துப்போன சதையை வெட்டி எடுப்பது, கழுவுவது மட்டுமல்ல. ஒருவர் வள்ளத்தைக் கரையேற்றும்போது அது கெண்டைக்கால் மேல் ஏறிவிட்டது. பக்கத்தில் ஓரிடத்தில் காயத்தை நன்றாகக் கழுவித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரவு வலி தாங்காமல் எங்களிடம் வந்தார். காயத்தைப் பார்த்தால் அவ்வளவு வலிக்க நியாயமில்லை. ஆனால் கால் வீங்கி, தோல் வெண்கல நிறமாகி இருந்தது. அழுத்தினால் உள்ளே நறநறவென்றது. தையலைப் பிரித்ததும் சீழ் வரவில்லை, பழுப்புத் தண்ணீர்தான் வந்தது.

மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வேலை அது. நசுங்கிய தசைக்கு ரத்தம் வராது, அதனால் ஆக்சிஜனும் கிடையாது. அந்த இடம்தான் அதற்குத் தோது. அது விடும் நச்சு பக்கத்துத் தசையையும் கொல்லும், அப்புறம் அதிலும் கிருமி பரவும்.

ஆசிரியர், கீழக்கரை:
அப்படியானால் காற்றுப் பட்டால் சாகும் கிருமிதானே, டாக்டர்? திறந்துவிட்டால் போதுமே. பிரெஞ்சு மூலத்துக்கும் கடிவாளத்தை அவிழ்ப்பது என்றுதான் பொருள். ‘புண்திறப்பு’ என்று வைக்கலாம்.

அறுவை மருத்துவர், மண்டபம்:
பாதி சரி, சார். திறந்துதான் வைக்கிறோம், உடனே தைப்பதில்லை. ஆனால் காற்று மேல்பரப்பைத்தான் தொடும். சதைக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோவது ரத்தம். பென்சிலினும் அதே வழியில்தான் போகவேண்டும். செத்த சதைக்குள் இரண்டுமே போகாது. அதனால்தான் வெட்டி எடுக்கிறோம்.

வாசகர், தேவிபட்டினம்:
எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. கால்விரல் கறுத்து, காய்ந்து போனது. அதுவும் இதுதானா?

அறுவை மருத்துவர், மண்டபம்:
இல்லைங்க. அது ரத்தக்குழாய் அடைத்துக் காய்ந்த அழுகலாக இருக்கும், மெதுவாகப் போகும். ஆனால் ஈரமாகி நாற்றமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். நான் சொன்னது மணிக்கணக்கில் ஏறுவது.

செவிலியர், பாம்பன்:
எங்க வார்டில் ‘செத்த சதையை வெட்டி எடுத்தாங்க’ என்றுதான் சொல்வார்கள். ‘செத்தசதை நீக்கம்’ என்றே வையுங்களேன்.

அறுவை மருத்துவர், மண்டபம்:
எனக்குப் பிடித்திருக்கிறது, சிஸ்டர். ஒரே இடறல்: எது செத்தது என்று மேலே எழுதி ஒட்டியிருக்காது. செவுளைப் பார்த்து மீன் வாங்குகிற மாதிரி முதலில் நிறத்தைப் பார்ப்போம். இடுக்கியால் கிள்ளினால் தசை சுருங்கவேண்டும், வெட்டினால் ரத்தம் கசியவேண்டும். அந்தக் காலில் சாம்பல் நிறத் தசை சுருங்கவேயில்லை. ரத்தம் கசியும் வரை வெட்டினோம். மறுநாள் திரும்பத் திறந்து பார்த்தபோது இன்னும் கொஞ்சம் செத்திருந்தது, அதையும் எடுத்தோம். கால் தப்பியது, கெண்டைத்தசை பாதி போய்விட்டது.

ஆசிரியர், கீழக்கரை:
திரும்பத் திரும்பச் செய்வதென்றால் ‘களைதல்’ பொருந்தும். ‘சதைக்களைவு’?

செவிலியர், பாம்பன்:
சார், அதைச் சொன்னால் நோயாளிக்கு விளங்காது.

மொழிபெயர்ப்பாளர், ராமநாதபுரம்:
கையேட்டில் இப்போதைக்குச் ‘செத்தசதை நீக்கம்’. கலைச்சொல் பட்டியலில் ‘சதைக்களைவு’ கேள்விக்குறியோடு இருக்கட்டும். அப்புறம், அந்த நறநறவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘நறநறப்பு’ என்றால் சிரிப்பீர்களா?