பயிற்சியிலிருந்து பாதியில் விடுவிக்கக் கேட்டு எழுதிய கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

பாலக்கோடு

பொறியியல் கடைசி ஆண்டு. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஜூன் இறுதி வரை எனக்குப் பயிற்சி. மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். தம்பி பள்ளியில் படிக்கிறான். அம்மா ஒருவரே மருத்துவமனைக்கும் தோட்டத்துக்கும் அலைய முடியாது.

அன்று இரவே என் வழிகாட்டியான பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கடிதம் மறுநாள்தான் போனது. ஒருவரோடு தினமும் நின்று வேலை பார்த்துவிட்டு, நாம் போகிற செய்தியை அவர் மனிதவளத் துறை வழியாகத் தெரிந்துகொண்டால் மனம் கசந்துவிடும். அதனால்தான் இந்த வரிசை.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அதிலிருந்தது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் தந்தை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், ஜூன் 30 வரை நடக்கவேண்டிய என் பயிற்சியிலிருந்து மார்ச் 14 அன்று என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கழிக்கப்பட்ட தண்டுகளின் கணக்கில் பகல், மாலை ஷிப்டுகளுக்கு உரியவற்றைப் பதிவு செய்துவிட்டேன். இரவு ஷிப்டுக்கு உரியது மீதமிருக்கிறது. கோப்பு பிரிவின் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. என் பெயரில் வாங்கிய மைக்ரோமீட்டரையும் அடையாள அட்டையையும் 14-ஆம் தேதி ஒப்படைக்கிறேன். அதற்குப் பிறகும் இந்தக் கணக்கைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கலாம். பணியாற்றிய காலத்துக்கு மட்டும் சான்று தந்தால் கல்லூரியில் காட்ட உதவியாக இருக்கும்."

கடிதத்தின் முடிவில் நன்றி சொல்லும்போது ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டேன். பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் ஏன் ஒரே இயந்திரத்தில் மட்டும் அளவு தப்புகிறது என்று கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் வழிகாட்டிதான். "பல விஷயங்களைக் கற்றேன்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அது யாருக்கும் பொருந்தும் வரியாகிவிடும்.

தோட்டத்தில் தக்காளி பறிப்புக்கு வந்திருந்ததையும் வீட்டின் பணநெருக்கடியையும் எழுதவில்லை. ஒரு காரணம் போதும். காரணங்களை அடுக்கினால் படிப்பவருக்கு எதை நம்புவது என்ற கேள்வி எழும்.

ஊத்தங்கரை

தம்பி, அப்பா சீக்கிரம் தேறி வரட்டும். ஒரு எச்சரிக்கை: முப்பது நாள் முன்கூட்டியே சொல்லாமல் நின்றால் நிறுவனம் இழப்பீடு கேட்கும். என் அக்கா மகன் ஓராண்டுப் பயிற்சியில் இருந்து நின்றபோது ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசினார்கள். ஒரு மாதம் குறித்துக் கடிதம் எழுதுவதுதான் முறை.

ஓசூர்

நான் பல ஆண்டுகளாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். ஊத்தங்கரை அண்ணா சொல்வது பாதி சரி. அவருடைய அக்கா மகன் இருந்தது தொழிற்பழகுநர் பயிற்சியாக இருக்க வேண்டும். அது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவாகும் ஒப்பந்தம். அதை நடுவில் முடிக்க வேண்டுமானால் நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தால் போதாது. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள இழப்பீட்டுப் பேச்சு வரலாம்.

கல்லூரி மாணவர் பாடத்திட்டத்துக்காகச் செய்யும் பயிற்சி வேறு. அங்கே சேரும்போது கொடுத்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பல கடிதங்களில் முன்னறிவிப்புக் காலமே இருக்காது. சிலவற்றில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்றிருக்கும். முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். முன்னறிவிப்பு இருந்து, உங்களால் அதுவரை இருக்க முடியாது என்றால், அந்தக் காலத்தைத் தளர்த்தித் தரும்படி கடிதத்திலேயே ஒரு வரி கேளுங்கள். கேட்காமல் நின்றுவிடுவதுதான் எங்களைச் சங்கடப்படுத்தும்.

பாலக்கோடு தம்பியின் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மைக்ரோமீட்டர் வரி. அளவுக் கருவி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அளவுத்திருத்தத் தேதி உண்டு. பயிற்சியாளர் பெயரில் ஸ்டோரில் ஒன்று நிலுவையில் இருந்தால், ஸ்டோர்காரர் கையெழுத்துப் போடமாட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் கணக்குப் பிரிவு கடைசி மாத உதவித்தொகையை விடாது. அவசரமாக ஊருக்குப் போனவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். லாக்கர் சாவியும் அப்படித்தான். நேரில் வர முடியாவிட்டால், யாரிடம் கொடுத்தனுப்புகிறீர்கள் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

சான்றிதழ் விஷயமும் கவனிக்க வேண்டியது. "நிறைவு செய்தார்" என்று போட்டுக்கொடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். மூன்று மாதம் இருந்தவருக்கு ஆறு மாதச் சான்று எந்த நிறுவனமும் தராது; கேட்டாலே நல்லபெயர் குறையும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று கேட்டால் உடனே தருவோம்.

காரிமங்கலம்

என் மகள் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறாள். மே மாதம் அவள் அக்காவுக்குக் கல்யாணம். பத்து நாள் விடுப்பு கேட்டால் தரமாட்டார்கள், விலகிவிடலாமா என்கிறாள். மேலே உள்ள கடிதத்தையே கொஞ்சம் மாற்றி அனுப்பலாமா?

ஓசூர்

ஐயா, உங்கள் மகளுக்கு இது வேண்டாம். தேதி தெரிந்த கல்யாணத்துக்கு இப்போதே விடுப்பு கேட்கட்டும், பயிற்சியை அந்தப் பத்து நாள் நீட்டித்துக் கொடுங்கள் என்றும் சேர்த்துக் கேட்கட்டும். நெருக்கடி என்று சொல்லி விலகி, பிறகு கல்யாணப் படம் சக ஊழியர் கண்ணில் பட்டால் விளக்கம் சொல்ல முடியாது.

உண்மையான நெருக்கடியிலும் இரண்டு மூன்று வாரத்தில் நிலைமை தெளியும் என்று தோன்றினால், விலகுவதற்கு முன் ஊதியமில்லா விடுப்பைக் கேட்டுப் பார்க்கலாம். பக்கவாதம் போன்றதில் எத்தனை மாதமாகும் என்று மருத்துவராலேயே சொல்ல முடியாது. அங்கே விலகுவதுதான் நேர்மை.

அரூர்

மருத்துவமனைச் சீட்டின் நகலைக் கடிதத்துடன் இணைக்க வேண்டுமா? என் தோழி அம்மாவின் முழு அறிக்கையையும் அனுப்பினாள். அது மனிதவளத் துறையிலிருந்து நான்கைந்து பேருக்குப் போய்விட்டது. அவளுக்கு அது பெரிய வேதனை.

ஊத்தங்கரை

சீட்டு இல்லாமல் எப்படி நம்புவார்கள் அம்மா? இணைத்துவிட்டால் கேள்வியே வராது.

ஓசூர்

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் கேட்பதில்லை. கேட்கிற இடங்களும் உண்டு. "தேவைப்பட்டால் சேர்க்கைச் சீட்டைக் காட்டுகிறேன்" என்று எழுதினால் போதும் என்பது என் கருத்து. கேட்டால் சேர்க்கைச் சீட்டு மட்டும் கொடுங்கள். நோய் விவர அறிக்கை வேண்டாம். ஆனால் என் சக ஊழியர் ஒருவரே இதில் ஊத்தங்கரை அண்ணா பக்கம்தான்.

பாலக்கோடு

நான் எதையும் இணைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 14-ஆம் தேதி காலை ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய் மைக்ரோமீட்டரைப் பெட்டியோடு ஸ்டோரில் வைத்தேன். ஸ்டோர்காரர் எண்ணைச் சரிபார்த்து, திருகு சுற்றிப் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திட்டார். வழிகாட்டி கேன்டீனில் உட்கார்ந்து, இரவு ஷிப்டுக் கணக்கு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

"அப்பா தேறியதும் திரும்பி வருகிறேன்" என்று எழுத மனம் துடித்தது. தேதி தெரியாத வாக்குறுதி என்பதால் எழுதவில்லை. வழிகாட்டியே, படிப்பு முடிந்ததும் ஒரு வார்த்தை சொல் என்றார்.

தேதியிட்ட சான்று வந்துவிட்டது. இந்தக் குறைந்த வாரங்களைக் கல்லூரி ஏற்குமா, மீதிக்கு வேறு திட்டப்பணி கேட்குமா என்பது முடிவாகவில்லை. ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதத்தின் நகலை அன்றே அனுப்பியிருந்ததால், விஷயம் துறைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது. இதே நிலையில் மீதி வாரங்களை வேறு இடத்தில் செய்து முடித்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் கல்லூரி என்ன கேட்டது என்று எழுதுங்கள்.