அம்மா பேங்க் அக்கவுண்ட்ல நம்பர் மாத்தணும், இந்த லெட்டர் சரியா இருக்கான்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவோட பென்ஷன் அக்கவுண்ட்ல இருந்த பழைய நம்பர் ரீசார்ஜ் இல்லாம கட் ஆகி, இப்ப கூப்பிட்டா வேற யாரோ எடுக்கறாங்க. அதனால டூப்ளிகேட் சிம்மும் வாங்க முடியாது, ஏடிஎம்ல மாத்தலாம்னா பழைய நம்பருக்கும் ஓடிபி போகுது, நேர்ல பிராஞ்சுக்குத்தான் போகணும். பணம் எடுத்தா மெசேஜ் எல்லாம் அந்த ஆளுக்குத்தான் போகுதுங்கறதுதான் பெரிய பயம்.

மேனேஜருக்கு இப்படி எழுதியிருக்கேன்:

"ஐயா, எனது சேமிப்புக் கணக்கில் (எண் ....) பதிவான ........ என்ற கைபேசி எண் இப்போது என்னிடம் இல்லை, அது வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. அந்த எண்ணை முழுமையாக நீக்கி, ........ என்ற புதிய எண்ணைப் பதிவு செய்யவும். மாற்றம் முடியும் வரை பழைய எண்ணில் உள்ள யுபிஐ, மொபைல் பேங்கிங் சேவைகளை நிறுத்தி வைக்கவும். ஆதார், பான், பாஸ்புக் நகல்களில் கையொப்பமிட்டு இணைத்துள்ளேன்."

'நீக்கி'ன்னு வேணும்னேதான் போட்டேன், புது நம்பரை மட்டும் சேர்த்துட்டு பழசை அப்படியே விட்டுடக் கூடாதுல்ல.

இப்ப என் சந்தேகம், அம்மாவுக்கு கை நடுங்குது, அக்கவுண்ட் ஆரம்பிச்சப்ப போட்ட கையெழுத்தோட இப்ப போடறது ஒத்துப்போகல, 'ம' சுழியே கோணலாயிடுது. கைநாட்டு வெச்சா ஏத்துப்பாங்களா, சாட்சி யார் போடணும்? ஆதார்லயும் பழைய நம்பர்தான் இருக்கு, அதை முதல்ல மாத்தணுமா? லெட்டர் காப்பில சீல் வாங்கிட்டு வரணும்னு இருக்கேன். பேங்க்ல வேலை பாக்கறவங்க, இதே மாதிரி மாத்தினவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், அடுத்த பென்ஷன் வர்றதுக்குள்ள முடிக்கணும்.