லுத்தருக்குப் பின்னால் நின்றது விசுவாசமா, அரசியலா?

நிலவன்: பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்த ஜெர்மன் துறவி லுத்தருக்கு முன்பே, செக் நாட்டுப் போதகர் யான் ஹுஸ் திருச்சபையை எதிர்த்துப் பேசினார், 1415-ல் எரித்துவிட்டார்கள். லுத்தரை மட்டும் ஏன் தொட முடியவில்லை? ஐரோப்பியத் திருச்சபை பிளந்தது விசுவாசத்தாலா, அரசியலாலா?

கவிதா: அரசியல்தான். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணத்தில் பாதி, ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் போனது. மீதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் என்ற வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது. பணம் வெளியே போவது பிடிக்காத ஜெர்மன் சிற்றரசர்கள் லுத்தர் பக்கம் நின்றார்கள், திருச்சபை நிலங்களையும் எடுத்துக்கொண்டார்கள். விசுவாசம் வெறும் போர்வை.

இம்மானுவேல்: பணக் கணக்கு சரி. போர்வை என்பதுதான் இடிக்கிறது. ஜெர்மனியில் சாக்சனியை ஆண்ட வெட்டின் குடும்பத்தை மட்டும் பாருங்கள்.

லுத்தரைக் காப்பாற்றிய பிரெடெரிக், ஜெர்மன் சிற்றரசுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர். 1519-ல் அந்தத் தேர்தல் நடந்தபோது போப்புக்கு அவர் தயவு தேவைப்பட்டது. அதனால் லுத்தர் மீதான நடவடிக்கை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் அவருடைய எழுத்துகள் அச்சாகி எங்கும் பரவிவிட்டன. ஹுஸுக்கு இது எதுவும் வாய்க்கவில்லை. இதுவரை உங்கள் பக்கம்தான்.

ஆனால் பக்கத்திலேயே ஆண்ட அவர் உறவினர் ஜார்ஜுக்கும் அதே ரோம், அதே பண இழப்பு. திருச்சபையின் ஊழலை அவரும் குறை சொன்னார். ஆனால் லுத்தரின் போதனையை ஏற்காமல் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார்.

சாமுவேல்: எங்கள் வீடு பரம்பரையாக லுத்தரன். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் சுவிசேஷத்துக்காகத்தானே வந்தார்? இதில் அரசியல் எங்கே?

கவிதா: ஐயா, கேள்வி அதற்கு இருநூறு வருடம் முந்தையது. ஆனால் அவரை அனுப்பியதே டென்மார்க் அரசர். அந்த நாட்டை 1536-ல் லுத்தரன் ஆக்கிய மூன்றாம் கிறிஸ்டியான், பிஷப்புகளைச் சிறையில் அடைத்து அவர்கள் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்.

இம்மானுவேல்: அதே கிறிஸ்டியான் அரசராகும் முன்பே தன் சிறிய ஆட்சிப் பகுதியில் லுத்தரன் வழிபாட்டைக் கொண்டுவந்தவர். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன.

வெட்டின் குடும்பத்துக்கே வருகிறேன். பிரெடெரிக்கின் தம்பி மகன் யோகான் பிரெடெரிக், 1547-ல் மூல்பெர்க் போரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் பிடிபட்டார். பதவியும் பெரும்பகுதி நிலமும் போயின. அடுத்த வருடம் சார்லஸ் திணித்த, கத்தோலிக்கம் பக்கம் சாய்ந்த சமய ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோது சிறையிலிருந்தே மறுத்தார். நிலத்துக்காக மதம் மாறியவர் அப்படிச் செய்வாரா?

கவிதா: அவர் இழந்த பதவி யாருக்குப் போனது? அதே குடும்பத்து மோரிட்ஸுக்கு. அவரும் லுத்தரன். பேரரசர் பக்கம் சேர்ந்து உறவினரைக் கவிழ்த்தார், 1552-ல் பேரரசரையே எதிர்த்துத் திரும்பினார்.

இம்மானுவேல்: மோரிட்ஸ் விஷயத்தில் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் அப்படித் திரும்பியதால்தான், 1555-ல் ஆக்ஸ்பர்க் நகரில் செய்த ஒப்பந்தத்தில் கத்தோலிக்கர், லுத்தரன் இரு தரப்புக்கும் சட்டப்பூர்வ இடம் கிடைத்தது.

நிலவன்: அந்த ஒப்பந்தத்தில் மதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆட்சியாளருக்குத்தானே? உடன்படாத குடிமக்கள் சொத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். அவர்கள் விசுவாசத்தை எந்தக் கணக்கில் வைப்பது?